வளையலை வைப்பதா, சம்பளத்தை வைப்பதா?

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு எதிர்வீட்டுத் தம்பி போன் செய்தார். ஈரோட்டில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை, கைக்கு வரும் சம்பளம் மாதம் 32,000. அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஸ்டென்ட் வைக்க வேண்டும், நாளை மதியத்துக்குள் 2 லட்சம் கட்டச் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணா, செல்லுல பர்சனல் லோன் ரெடியா இருக்குதுன்னு காட்டுதுங்க. பத்து நிமிசத்துல கணக்குக்கு வந்துருமாம். வீட்டுல ஆரத்தையும் வளையலையும் எடுத்துக் கையில குடுத்துட்டா. எதைச் செய்யறதுங்க?"

நான் வங்கியில் நகைக்கடன் கவுன்டரில் பல வருடம் உட்கார்ந்தவன். இந்தக் கேள்வி என்னிடம் நூறு முறை வந்திருக்கும். கேட்பவர்கள் எல்லோரும் எதிர்பார்ப்பது ஒரே பதிலைத்தான்: எதற்கு வட்டி கம்மி? அதற்கு நகைக்கடன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஆனால் அவரிடம் நான் வேறொன்றைத் திருப்பிக் கேட்டேன். "தம்பி, இந்தப் பணத்தை எப்ப, எதிலிருந்து கட்டப் போறீங்க?"

ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை அவருடைய கணக்கையே வைத்துச் சொல்கிறேன். வட்டி விகிதம் இடத்துக்கு இடம் மாறும். இங்கே வங்கி நகைக்கடனுக்கு ஆண்டுக்கு 9.5 சதவீதம், பர்சனல் லோனுக்கு 15 சதவீதம், அதற்குப் பரிசீலனைக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுக்குச் சொல்லப்படும் எண்ணைப் போட்டு நீங்களும் இதே வழியில் கணக்குப் பார்க்கலாம்.

முதலில், மூன்றே மாதத்தில் பணம் திரும்பி வந்துவிடும் என்று வைப்போம். சீட்டு விழப் போகிறது, அல்லது மருத்துவக் காப்பீட்டுப் பணம் வர வேண்டியிருக்கிறது. நகைக்கடனில் 2 லட்சத்துக்கு மூன்று மாத வட்டி 4,750. மதிப்பீட்டாளர் கூலி சில நூறு ரூபாய். ஐயாயிரத்துச் சொச்சத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

பர்சனல் லோனில் பணம் கைக்கு வரும்போதே பரிசீலனைக் கட்டணம் 4,000, அதன்மேல் ஜிஎஸ்டி 720 என்று 4,720 பிடித்துவிடுவார்கள். மூன்று தவணைக்குள் வட்டி 7,333. நான்காவது மாதம் "முழுசாகக் கட்டி முடித்துவிடுகிறேன்" என்று போனால், முன்கூட்டியே முடிக்கும் கட்டணம் என்று ஒன்று காத்திருக்கும். அது பாக்கித் தொகையில் 4 சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு சேர்த்து 8,800. ஆக மொத்தம் 20,850 ரூபாய். மூன்று மாதத்துக்கு வாங்கிய கடனுக்கு இது ஏறக்குறைய நான்கு மடங்கு செலவு. அதிலும் சில நிறுவனங்கள் முதல் ஆறு தவணையோ பன்னிரண்டு தவணையோ முடியும்வரை கணக்கை முடிக்கவே விடுவதில்லை. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வட்டி கட்ட வேண்டியதுதான்.

குறுகிய காலத் தேவைக்கு நகைக்கடன்தான், அதில் பேச்சே இல்லை.

இப்போது அதே 2 லட்சத்தை மூன்று ஆண்டுக்கு இழுத்துப் பாருங்கள். இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது.

நம் ஊரில் பெரும்பாலான நகைக்கடன் ஒரு வருடம் கழித்து அசலும் வட்டியுமாக ஒரே முறையில் கட்ட வேண்டிய கடன். நடுவில் யாரும் தவணை கேட்கமாட்டார்கள். வருடக் கடைசியில் 2 லட்சம் யாரிடம் இருக்கும்? வட்டி 19,000-ஐ மட்டும் புரட்டிக் கட்டிவிட்டு நகையை 'மாத்தி' வைப்பார்கள். அடுத்த வருடமும் 19,000, அதற்கடுத்த வருடமும் 19,000. மூன்று வருடத்தில் 57,000 வட்டி போயிருக்கும். அசல் 2 லட்சம் அப்படியே நிற்கும். நகையும் வங்கி லாக்கரிலேயே இருக்கும்.

பர்சனல் லோனில் 36 மாதத்துக்கு மாதத் தவணை 6,933. மொத்த வட்டி 49,590. பரிசீலனைக் கட்டணத்தையும் சேர்த்தால் 54,310. மூன்று வருடம் முடிந்தால் கடனும் முடிந்தது.

9.5 சதவீதக் கடனுக்கு 57,000, 15 சதவீதக் கடனுக்கு 54,310. இதில் மாயம் எதுவும் இல்லை. தவணைக் கடனில் அசல் மாதாமாதம் குறைகிறது, அதனால் வட்டியும் குறைந்துகொண்டே போகிறது. மாத்தி வைக்கும் கடனில் முழுத் தொகைக்கும் முழு வட்டி ஓடுகிறது. நகைக்கடனை மலிவு என்பது அதைத் திருப்புகிறவருக்கு மட்டுமே பொருந்தும்.

மாத்தி வைப்பதில் இன்னொரு சறுக்கலும் உண்டு. அதைக் கவுன்டருக்கு உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். வருடம் முடிந்து வட்டி கட்ட ஒருவர் வருவார். அதற்குள் தங்கம் விலை ஏறியிருக்கும். "இதே நகைக்கு இப்ப இன்னும் 60,000 கிடைக்குமுங்க, எடுத்துக்கறீங்களா?" என்று கவுன்டரில் கேட்போம். எங்களுக்கும் இலக்கு உண்டு. வட்டியையே அந்தக் கூடுதல் பணத்தில் கழித்துக்கொண்டு, மீதியைக் கையில் வாங்கிக்கொண்டு போவார்கள். கையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் கூடுதலாகப் பணம் வேறு. சந்தோஷமாகத்தான் போவார்கள். கடன் 2 லட்சத்திலிருந்து 2,60,000 ஆகியிருக்கும். தங்கம் ஏறுகிற காலத்தில் குடும்பங்களின் நகைக்கடன் ஏன் குறைவதே இல்லை என்பதற்கு நான் பார்த்த முக்கியக் காரணம் இதுதான். சேர்ந்திருந்த வட்டியைக் கட்டினால்தான் இப்படிப்பட்ட கடனைப் புதுப்பிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட தங்கக்கடன் விதிகள் சொல்கின்றன. ஆனாலும் கூடுதல் கடன் வாங்கும் ஆசையை எந்த விதியாலும் தடுக்க முடியாது.

எதிர்வீட்டுத் தம்பி என் கேள்விக்குக் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "வேற வரும்படி ஒண்ணும் இல்லீங்க அண்ணா. சம்பளத்துலதான் கட்டோணும். மாசம் ஏழாயிரம் முடியும்ங்க" என்றார். அந்தப் பதிலில்தான் வழி இருந்தது. கடனை நகைமேல் வாங்கட்டும், பர்சனல் லோன் தவணையைப் போல மாதாமாதம் கட்டட்டும். 9.5 சதவீத நகைக்கடனில் அந்த 6,933 ரூபாயையே மாதம் தவறாமல் கட்டினால் 33-ஆவது மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். மொத்த வட்டி ஏறக்குறைய 28,000. மாத்தி வைப்பதில் போகும் 57,000-த்தில் இது பாதிதான்.

நடுவில் கட்டும் பணத்தை வாங்கிக்கொள்வார்களா என்பதைக் கடன் வாங்கும்முன் கேட்டுக்கொள்ள வேண்டும். வங்கிகள் பொதுவாக வாங்கிக்கொள்ளும். அன்றைய தேதிவரை உள்ள வட்டி போக மீதி அசலில் கழியும். ரசீதில் அசல் பாக்கி குறைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவரோடு நானும் வங்கிக்குப் போனேன். போகும்முன் கிளைக்குப் போன் செய்து மதிப்பீட்டாளர் வந்திருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டேன். அவசரத்துக்கு நகையைத் தூக்கிக்கொண்டு போய், 'அப்ரைசர் இன்னைக்கு லீவுங்க' என்ற பதிலோடு திரும்பியவர்கள் நிறைய. ஞாயிறு, பண்டிகை நாளென்றால் வங்கியில் வழியே இல்லை. நகைக்கடனின் உண்மையான பலவீனம் இந்த அரைநாள் தாமதம்தான். பெரும்பாலான அவசரம் அந்த அரைநாளைப் பொறுத்துக்கொள்ளும். முன்பணமாகக் கொஞ்சம் கட்டிவிட்டு மீதியை மறுநாள் கட்டுகிறோம் என்று மருத்துவமனையில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

மதிப்பீட்டாளர் ஆரத்தை உரைகல்லில் இழுத்தார். மஞ்சள் கீறலின்மேல் அமிலத்தைத் தொட்டு வைத்து நிறம் மங்குகிறதா என்று பார்த்தார். பிறகு தராசு. ஆரம் 22.4 கிராம். அதில் பதித்திருந்த கல்லுக்கு 2.4 கிராம் கழித்து, தங்க எடை 20 கிராம். இரண்டு வளையலும் சேர்ந்து 12 கிராம், அதில் கல் இல்லை. ஆக 32 கிராம், நான்கு சவரன். இதெல்லாம் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்க வேண்டும். எடை, கழிவு, தரம் எல்லாவற்றையும் எழுதிய சான்று உங்கள் கையில் வர வேண்டும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். திருப்பும்போதோ ஏலத்தின்போதோ பேச்சு வந்தால் உங்கள் பக்கம் பேசுவது அது ஒன்றுதான்.

கணக்கு எளிதாக இருக்க ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைப்போம். நகையின் மதிப்பு 3,20,000. புது விதிகளின்படி (2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா இடத்திலும் அமலாக வேண்டியவை) 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். 5 லட்சம் வரை 80, அதற்குமேல் 75. வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனென்றால் அசலோடு ஒரு வருட வட்டியும் சேர்ந்துதான் அந்த 85-க்குள் அடங்க வேண்டும். அதன்படி இவருக்கு அதிகபட்சம் 2,48,000 வரை கிடைத்திருக்கும். அவர் கேட்டது 2 லட்சம் மட்டும்.

அங்கே ஒரு சின்ன வேலை செய்தோம். ஆரத்துக்கு 1,20,000, வளையலுக்கு 80,000 என்று இரண்டு தனிக் கணக்காக வைக்கச் சொன்னேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு இரட்டை வேலை, லேசாக முகம் சுளித்தார். ஆனால் ஒரே கணக்கில் எல்லா நகையையும் வைத்தால் கடைசி ரூபாய் கட்டும்வரை ஒரு மூக்குத்திகூட வெளியே வராது. பிரித்து வைத்தால் ஒவ்வொன்றாகத் திருப்பலாம்.

இவர் போனது வங்கிக்கு. தங்க நகைமேல் கடன் தரும் தனியார் நிதி நிறுவனங்கள் சாயங்காலம்வரை திறந்திருக்கும், அரை மணியில் வேலை முடியும், சிரித்துப் பேசுவார்கள். அந்த வசதிக்கு விலை உண்டு. வாசலில் எழுதியிருக்கும் குறைந்த வட்டி பல திட்டங்களில் மாதாமாதம் தவறாமல் வட்டி கட்டுகிறவருக்கு மட்டும். இரண்டு மூன்று மாதம் தவறினால் அடுத்த படிக்கு ஏறும், இன்னும் தவறினால் அதற்கும் மேல். ஒரு சதவீதம் என்று நம்பிப் போனவர் வருடக் கடைசியில் இரண்டு வட்டி கட்டிக்கொண்டிருப்பார். இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். அந்த விகிதத்தில் நகைக்கடன் பர்சனல் லோனைவிட விலை கூடியது. ஆகவே 'மாசம் கட்டாவிட்டால் எவ்வளவு?' என்று கேளுங்கள். இன்னொன்று, 20,000 ரூபாய்க்கு மேல் கடன் கொடுத்தால் ரொக்கமாகத் தரக்கூடாது, வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும். கையிலேயே தருகிறோம் என்று பெருமையாகச் சொல்லும் இடத்தில் வேறு விதிகளும் வளைகின்றன என்றே நான் நினைத்துக்கொள்வேன்.

அடுத்து, நகை போய்விடும் பயம். தங்கம் ஏறிக்கொண்டே இருக்கும்போது இது யாருக்கும் தோன்றாது. 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் இரண்டே வர்த்தக நாளில் தங்கம் பத்து சதவீதத்துக்கும் மேல் விழுந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வரம்பின் நுனிவரை கடன் வாங்கியிருந்தால், விலை சரியும்போது நகையின் மதிப்பு கடனுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கொஞ்சம் பணம் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். கட்டாவிட்டால் ஏலம். இதனால்தான் கிடைக்கிற தொகை முழுவதையும் வாங்காதீர்கள் என்கிறேன். தம்பிக்கு 48,000 ரூபாய் இடைவெளி இருந்தது, அது அவருக்கு ஒரு கவசம்.

ஏலத்துக்கும் முறை உண்டு. முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் அடிப்படை விலை வைக்க வேண்டும். இரண்டு முறை ஏலம் போகாவிட்டால்தான் 85-க்கு இறக்கலாம். கடன் போக மிஞ்சும் பணம் உங்களுடையது, அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். நோட்டீஸ் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பி, ஏலம் முடிந்து மாதக்கணக்கில் கழித்து நகையைத் திருப்ப வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும். வீடு மாறினால், போன் நம்பர் மாறினால் முதலில் நகைக்கடன் கணக்கில் மாற்றுங்கள்.

நிச்சயமாகத் திருப்ப முடியாது என்று மனதுக்குத் தெரிந்தால், அடகு வைத்து ஏலத்தில் விடுவதைவிட இன்றே விற்றுவிடுவது லாபம். வருட வட்டியும் ஏலக் கழிவும் மிச்சம். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. விற்றால் போய்விட்டது, அடகு வைத்தால் இருக்கிறது என்ற நினைப்பு. அதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. விற்ற வளையலைத் திரும்ப வாங்கப் போனால் செய்கூலி, சேதாரம், வரி என்று புதிதாக அழ வேண்டும்.

சரி, பர்சனல் லோன் யாருக்கு? நகை இல்லாதவருக்கு வேறு வழி கிடையாது. நகை இருந்தும் அது தன்னுடையதில்லை, மாமியாருடையது, அடுத்த மாதம் தங்கை கல்யாணத்துக்குத் தேவை என்றால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. தன்னைத்தானே நன்றாகத் தெரிந்தவர்களும் உண்டு: "யாராவது பிடித்தால்தான் கட்டுவேன், இல்லாவிட்டால் செலவாகிவிடும்" என்பவர்கள். அவர்களுக்கு ஐந்தாம் தேதி தானாகக் கணக்கிலிருந்து போகும் தவணை ஒரு காவல்காரர். மேலே பார்த்தபடி, மூன்று வருடம் மாத்தி வைப்பதைவிட அவர்களுக்குச் செலவு குறைவு.

ஆனால் அந்தத் தவணை காத்திருக்காது. சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனால் நகைக்கடனில் ஒன்றும் ஆகாது. பர்சனல் லோனில் தவணை திரும்பும். கடன் கொடுத்தவர் ஒரு அபராதம், உங்கள் வங்கி ஒரு அபராதம். சிபில் புள்ளி இறங்கும். பிறகு வசூல் ஆட்களின் போன். காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது என்பது விதி, எல்லோரும் மதிப்பதாகச் சொல்ல மாட்டேன். மாதச் சம்பளம் இல்லாதவர், அறுவடைக்குப் பணம் பார்ப்பவர், கடை வைத்திருப்பவர் ஆகியோருக்கு இந்தக் கடன் சுருக்குக் கயிறு. நகைக்கடனிலும் கட்டாமல் விட்டால் சிபிலில் ஏறும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நகை இருக்கிறதே, புள்ளி போகாது என்று பலர் நினைக்கிறார்கள்.

பர்சனல் லோன்தான் என்று முடிவானால், கையெழுத்துக்கு முன் கே.எஃப்.எஸ். என்ற தாளை வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் இதைத் தருவது கட்டாயம், உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்ற எண் இருக்கும். பரிசீலனைக் கட்டணம் போன்றவற்றையும் சேர்த்துப் போட்ட உண்மை வட்டி அது. நம் கணக்கில் 15 சதவீதம் என்று சொன்ன கடனின் ஏ.பி.ஆர். 16.7 வரும். '9 சதவீதம்தான் சார், பிளாட் ரேட்' என்று ஒருவர் சொன்னால் அசல் குறைந்தாலும் வட்டி குறையாது என்று பொருள். 36 மாதத்துக்கு அது 16 சதவீதத்துக்கும் மேல். கடனோடு காப்பீட்டுப் பிரீமியத்தைச் சேர்த்து, 2 லட்சம் கேட்டவருக்கு 2,08,000 கடன் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். முன்கூட்டி முடிக்கும் கட்டணமும் தவணை தவறினால் வரும் அபராதமும் ஏ.பி.ஆர்.-க்குள் வராது. அவை அதே தாளில் தனி வரியாக இருக்கும். விரலை அங்கே வைத்துப் படியுங்கள்.

தம்பியின் அப்பா வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு கணக்குக்கும் அந்தந்த மாத வட்டி, மீதி முழுவதும் வளையல் கணக்கின் அசலுக்கு என்று 7,000 கட்டிவந்தார். "வட்டி மட்டும் கட்டினாப் போதுமுங்களே" என்று கவுன்டரில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வருடம் முடிந்தபோது வளையல் கணக்கில் பாக்கி சுமார் 12,000. தீபாவளி போனஸில் அதைக் கட்டி வளையலை வாங்கி வந்தார். ஆரத்துக்கான 1,20,000-த்தை வட்டி கட்டி மாத்தி வைத்திருக்கிறார். அந்த வருடம் தங்கம் ஏறியிருந்தது. இன்னும் 50,000 தருகிறோம் என்றார்களாம். "வேண்டாம்னுட்டேங்க அண்ணா," என்றார். வளையல் இரண்டும் அன்று சாயங்காலமே வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் கையில் இருந்தன.